குழந்தையின் குரலுக்குச் சம்மதம் கேட்கும் கடிதம்

பள்ளிக்கூடத்திலிருந்து பெற்றோருக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவற்றின் அடியில், கிழித்து அனுப்புவதற்கென்று புள்ளிக்கோடு போட்டு, "மேற்கண்ட நிகழ்ச்சியில் என் மகன்/மகள் கலந்துகொள்வதில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை" என்னும் ஒரே வாக்கியம் அச்சிடப்பட்டிருக்கும். சுற்றுலாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மருத்துவ முகாமுக்கும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்த அந்த வாக்கியத்தையே, பிள்ளைகள் குரல் கொடுத்தும் சில காட்சிகளில் தாமே தோன்றியும் உருவாக்குகிற அனிமேஷன் படங்களுக்கும் இப்போது பள்ளிகள் அனுப்பிவருகின்றன. சுற்றுலாவுக்குப் போன பிள்ளை மாலையில் வீடு திரும்பியவுடன் அந்தச் சம்மதத்தின் காரியம் முடிந்துவிடுகிறது. படத்தில் பதிந்த குரலோ, அந்தப் பிள்ளை வளர்ந்து கல்லூரிக்கும் வேலைக்கும் போன பிறகும், பன்னிரண்டு வயதுக் குரலாகவே எங்கேயோ ஒலித்துக்கொண்டிருக்கும். ஆகையால் இத்தகைய படத்துக்கான சம்மதக் கடிதம் தனியாகவும் புதிதாகவும் எழுதப்பட வேண்டும் என்பதும், அதை எழுதுவதற்கு முன்பாக ஒலிப்பதிவு செய்கிற முறையையே சற்று மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

அனிமேஷன் படம் எடுப்பது முன்போல் பெருஞ்செலவு பிடிக்கும் காரியமாக இல்லை. ஒரு கைப்பேசி, அதை அசையாமல் நிறுத்த ஒரு தாங்கி, வண்ணக் காகிதம், கத்தரிக்கோல், பசை ஆகியவை இருந்தால் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே காகித உருவங்களை மேஜைமேல் பரப்பி, அணு அணுவாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு புகைப்படம் எடுத்து, கதையை ஓடச்செய்துவிடுகிறார்கள். நொடிக்குப் 12 படங்கள் என்று வைத்துக்கொண்டால் மூன்று நிமிஷப் படத்துக்கு 2160 புகைப்படங்கள் வேண்டும். அத்தனையும் எடுத்து முடிக்கும் பொறுமை குழந்தைகளிடம் இருப்பதைக் கண்டு ஆசிரியர்களே வியந்து போகிறார்கள்.

விஷயம் தெளிவாக விளங்குவதற்கு, கண்மாய்க்கரையில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியை உதாரணமாக மனத்தில் அமைத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்பில் 24 பிள்ளைகள். கண்மாய் வற்றிப்போனதால் தவளைகள் ஊர்ப் பெரியவரிடம் நியாயம் கேட்க வருவதாகக் கதை. தவளைகளுக்கும் கொக்குக்கும் பெரியவருக்குமாக ஆறு பிள்ளைகள் பேச வேண்டும்; நடுவில் வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும்; முடிவில் பிள்ளைகள் அனைவரும் வரிசையாக நின்று கையசைக்கும் காட்சி ஒன்றும், படம் உருவான விதத்தைக் காட்டும் சிறு வீடியோ ஒன்றும் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியை உத்தேசிக்கிறார். ஆண்டு விழாவில் திரையிடுவது, பள்ளியின் யூடியூப் சேனலில் ஏற்றுவது, மாணவர் குறும்படப் போட்டி ஏதாவது நடந்தால் அதற்கு அனுப்புவது என்று மூன்று எண்ணங்கள் அவருக்கு உண்டு. இந்தப் படத்துக்கு "எவ்வித ஆட்சேபணையும் இல்லை" என்று ஒரு தாய் கையொப்பமிட்டால், அவர் எதற்கெல்லாம் சம்மதித்தவராகிறார்?

அவரிடமிருந்து கேட்கப்பட்டவை குரல், முகம், பெயர் என்று மூன்று வெவ்வேறு பொருள்கள். காகிதத் தவளைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசும் குரலை அந்த ஊரார் அடையாளம் கண்டுகொள்வார்களே ஒழிய, வேற்றூரார் கண்டுகொள்ள மாட்டார்கள். முகம் அப்படியல்ல, ஆயினும் முகம் மட்டும் தெரிந்து வேறொன்றும் தெரியாவிட்டால் அதனால் விளையக்கூடிய தீங்குக்கு ஓர் எல்லை உண்டு. படத்தின் இறுதியில் "குரல்" என்று போட்டு, பெயர், தந்தையின் பெயரைச் சுட்டும் தலைப்பெழுத்து, வகுப்பு, பள்ளி, ஊர் ஆகிய அனைத்தையும் ஒரே சட்டகத்தில் எழுதிக் காட்டும்போதுதான், முன்பின் அறியாத ஒருவன் மாலை நான்கு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பெயர் சொல்லி அழைப்பதற்கு வேண்டிய எல்லா விவரங்களும் அவன் கையில் சேர்கின்றன. குரலுக்கு இசையும் பெற்றோர் முகத்துக்கு இசையாதிருக்கலாம். முகத்துக்கும் இசைந்தவர் பெயர் வேண்டாம் என்று சொல்லலாம். ஒரே கையொப்பத்தில் மூன்றையும் கட்டிக் கேட்பது, மூன்றில் ஒன்றை மறுக்க நினைப்பவரை மூன்றையும் மறுக்கவோ மூன்றுக்கும் தலையாட்டவோ நிர்ப்பந்திப்பதாகும். தவிர, "தோன்றுதல்" என்பதிலும் தரபேதங்கள் உண்டு. காகிதத்தை நகர்த்தும் விரல்கள் மாத்திரம் திரையில் வருவது ஒன்று. பிள்ளையின் புகைப்படத்தைக் கத்தரித்துப் பொம்மையின் கழுத்தில் ஒட்டி ஆடவைப்பது முற்றிலும் வேறொன்று. பின்னதில் பிள்ளை செய்யாத செயலை அதன் முகம் செய்வதாகக் காட்டப்படுவதால், அதற்கு எப்போதும் தனியாகவே அனுமதி கேட்பது முறை.

எங்கே காட்டப்படும் என்பது அடுத்த கேள்வி. ஆண்டு விழாப் பந்தலில் உட்கார்ந்திருப்பவர்கள் ஊர்க்காரர்கள். யூடியூபில் பார்ப்பவர் யார் என்று யாருக்கும் தெரியாது. இதில் ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடேயே தவறான உறுதிமொழி கொடுத்துவிடுகிற ஓரிடம் உண்டு. படத்தை Unlisted என்னும் நிலையில் ஏற்றிவிட்டு, "பெற்றோர் மட்டுமே பார்க்க முடியும்" என்று கடிதத்தில் எழுதுகிறார்கள். அந்த நிலையில் படம் தேடலில் அகப்படாது என்பதே உண்மை. இணைப்பு யார் கைக்குப் போனாலும் அவர் பார்க்கலாம், பிறருக்கும் அனுப்பலாம். வகுப்பின் வாட்ஸப் குழுவில் போட்ட இணைப்பு எத்தனை குழுக்களுக்குப் போகும் என்பதை அறியாத பெற்றோர் இன்று யாரும் இல்லை. Private என்ற நிலை ஒன்றில்தான் குறிப்பிட்டு அழைத்தவர்களோடு பார்வை நிற்கும்.

ஸ்க்ராட்ச் போன்ற மென்பொருளில் படம் செய்கிற பள்ளிகள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். குழந்தை தன் குரலைப் பதிந்து செய்த வேலையை அந்தத் தளத்தில் Share என்னும் பொத்தானை அழுத்தி வெளியிட்டவுடன், எவரும் அதை எடுத்து மாற்றி மறுபடி வெளியிட அனுமதிக்கும் பொது உரிமத்தின்கீழ் அது வந்துவிடுகிறது. பிறகு குழந்தை தன் பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டாலும் பிறர் அதிலிருந்து செய்துகொண்ட பிரதிகள் நிலைத்திருக்கும். இணையத்தில் ஏறாமல் கணினியிலேயே இயங்கும் பதிப்பு ஒன்றும் ஸ்க்ராட்சுக்கு இருப்பதால், குரல் கலந்த வேலைகளை அதில் செய்துகொள்வது உத்தமம்.

இனி, சம்மதத்தைத் திரும்பப் பெறுதல் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. "எப்போது வேண்டுமானாலும் தங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்" என்று எழுதுவது சுலபம். அதைக் காப்பாற்றும்படி படத்தை எடுத்திருக்கிறோமா என்பதே கேள்வி. நடிகர் நடிக்கும் படத்தில் காட்சியை எடுத்துவிட்டுப் பின்னால் குரலைச் சேர்ப்பதுண்டு. அனிமேஷனில் பெரும்பாலும் குரல்தான் முன்னே பதியப்படுகிறது. அந்தக் குரல் எந்த நொடியில் ஏறுகிறது, எங்கே நிற்கிறது என்று கணக்கிட்டு அதற்கேற்ப வாயையும் கையையும் நகர்த்திப் படம் எடுக்கிறார்கள். அரை நொடியில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு ஆறு புகைப்படங்கள். ஆதலால் கொக்குக்குப் பேசிய சிறுமியின் தாய் பிற்பாடு வந்து "வேண்டாம்" என்று சொன்னால், போவது குரல் மட்டுமல்ல. அந்தக் குரலின் தாளத்துக்கு எடுத்த நூற்றுக்கணக்கான படங்களும் ஆட்டங்காண்கின்றன. பள்ளிகள் இத்தகைய வேண்டுகோளைக் கேட்டு முகம் சுளிப்பதற்கும், "இப்போது வந்து சொன்னால் எப்படி அம்மா?" என்று அங்கலாய்ப்பதற்கும் காரணம் கல்நெஞ்சம் அல்ல, இந்தத் தொழில் நெருக்கடிதான்.

இதற்குப் பரிகாரம் ஒலிப்பதிவு நாளிலேயே தொடங்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு பிள்ளையும் தனியாக, தன் வசனத்தை மட்டும், தனிக் கோப்பில் பதிய வேண்டும். இரண்டு பிள்ளைகளை ஒரே கைப்பேசிக்கு முன்னால் நிறுத்தி உரையாடவிட்டால் உற்சாகம் கூடுதலாக இருக்கும் என்பது மெய். ஆனால் ஒருவர் குரல்மேல் மற்றொருவர் குரல் ஏறிவிட்டால் ஒன்றை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுக்க எளிய வழியில்லை. எல்லாரும் சேர்ந்து பாடும் பாட்டிலிருந்து ஒரு குரலை உருவுவதும் எளிதன்று. ஆகவே பாட்டைப் பொறுத்தவரை, யாராவது விலகினால் மீண்டும் ஒருமுறை பாடிப் பதிவோம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதுதான் சரி. அதற்கு ஒரு பாடவேளை போதும். இரண்டாவது, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஆசிரியை பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், "எண் ஏழு, இரண்டாம் முறை" என்று தாமே மெல்லச் சொல்லிவிட்டு, கோப்புக்கும் `07-02.wav` என்று பெயரிட வேண்டும். இந்த எண் கோப்புக்குத்தானே அன்றிக் குழந்தையை அழைப்பதற்கன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த எண் யாருடையது என்னும் பட்டியல் காகிதத்தில் எழுதப்பட்டுத் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் இருந்தால் போதும். மூன்றாவது, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் குரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தனித்தனித் தடங்களில் அடுக்கி, கலந்து முடித்த ஒலியோடு அந்த அடுக்கையும் பத்திரப்படுத்த வேண்டும். கலந்த ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு அடுக்கை அழித்துவிட்ட பள்ளியால், திரும்பப் பெறலாம் என்று எழுதிக்கொடுத்த வாக்கை நிறைவேற்றவே முடியாது.

உருவங்களை அமைப்பதிலும் ஒரு யுக்தி உண்டு. பெரியவரின் வாய்க்கு எட்டுவிதமான உதட்டசைவுகளைக் காகிதத்தில் கத்தரித்து ஒட்டினால் பேச்சு மிக இயல்பாகத் தோன்றும். ஆனால் அவருக்கு வேறொரு பிள்ளை பேச நேர்ந்தால் எல்லாம் பிசகும். கொக்கின் அலகையோ திறந்த நிலை, மூடிய நிலை என்று இரண்டே விதமாகச் செய்துவிட்டு, வசனங்களையும் சிறியவையாக வைத்துக்கொண்டால், புதிதாகப் பேசும் பிள்ளை பழைய பதிவை இரண்டு மூன்று தடவை கேட்டு அதே நீளத்தில் சொல்லிவிடக்கூடும். படங்களைத் திரும்ப எடுக்கும் வேலை பெரும்பாலும் இராது. பறவைகளும் விலங்குகளும் பேசும் கதைகளைப் பள்ளிகள் தேர்ந்தெடுப்பதில் இந்தச் சௌகரியமும் அடங்கியிருக்கிறது.

இப்படியெல்லாம் செய்திருந்தால், பிப்ரவரி மாதத்தில் அந்தச் சிறுமியின் தாய் வந்து, "தெருப்பிள்ளைங்க கொக்கு கொக்குன்னு கேலி பண்றாங்க டீச்சர், எடுத்துடுங்க" என்று கேட்டால் என்ன நடக்கும்? அவள் தடத்தை நீக்கி, மற்றொரு பிள்ளையின் குரலை அதே இடத்தில் பொருத்தி, ஒலியைப் புதிதாகக் கலந்து, படத்தை மீண்டும் கோக்க வேண்டும். ஓரிரு நாள் வேலை. யூடியூபில் ஏற்கெனவே ஏறியிருந்தால் ஒரு சிரமம் கூடுதல்: அங்கே பழைய இணைப்பை வைத்துக்கொண்டே படத்தை மட்டும் மாற்ற வழியில்லை, பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வேறு இணைப்பில் ஏற்ற வேண்டும், அதுவரை சேர்ந்த பார்வை எண்ணிக்கையும் போய்விடும். அந்த எண்ணிக்கை போனால் போகட்டும் என்று பள்ளி முதலிலேயே மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். பிறர் கைப்பேசிகளில் இறங்கிவிட்ட பிரதிகளைத் திரும்பப் பெறுவதோ எவராலும் ஆகாத காரியம். அதையும் மறைக்காமல் கடிதத்திலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

படத்தில் சேராமல் மிஞ்சிப்போகிற பதிவுகளைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் பிள்ளைகள் பேசிக்கொள்ளும் வீட்டுக் கதைகளையும், ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் கைப்பேசி ஒன்று விடாமல் பதிந்துகொள்கிறது. அந்தக் கைப்பேசி பெரும்பாலும் ஆசிரியையின் சொந்தக் கைப்பேசி. எடுத்த படங்கள் தாமாகவே அவருடைய இணையக் கணக்குக்குப் போய்ச் சேரும்படி அமைந்திருப்பதும், ஒவ்வொரு படத்தோடும் எடுத்த இடத்தின் குறிப்பு ஒட்டிக்கொண்டிருப்பதும் சர்வ சாதாரணம். இருப்பிடக் குறிப்பையும் தானியங்கிச் சேமிப்பையும் படப்பிடிப்புக்கு முன்பே நிறுத்திவிட்டு, வேலை முடிந்தவுடன் எல்லாவற்றையும் பள்ளிக் கணினிக்கு மாற்றிக் கைப்பேசியில் அழித்துவிட வேண்டும். மிஞ்சிய பதிவுகளுக்கும் ஒரு முடிவு நாள் குறிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளுமுன் பெற்றோரின் சம்மதத்தை, அது அவர்களுடையதுதான் என்று சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற வேண்டும் என்று விதிக்கிறது. சம்மதம் எந்தக் காரியத்துக்கு என்று குறிப்பிட்டதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும், எளிய மொழியில் கேட்கப்பட வேண்டும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றில் படித்தறிய வாய்ப்பிருக்க வேண்டும், கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் ஏறக்குறைய அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்பவை அதன் கூறுகள். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் பற்றிய முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில தளர்வுகள் உண்டென்றாலும், அவை கல்விப் பணிக்காகவும் பாதுகாப்புக்காகவும் பிள்ளைகளைக் கண்காணிப்பது பற்றியவை. குழந்தையின் குரலை உலகறிய வெளியிடுவதற்கு அவை துணைவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. குரல் என்பதும் தனிநபர் தரவுதானா என்று ஐயுறுவோர், அமெரிக்காவின் குழந்தைகள் இணையத் தனியுரிமைப் பாதுகாப்பு விதிகள் 2013ஆம் ஆண்டிலேயே குழந்தையின் உருவமோ குரலோ அடங்கிய புகைப்படம், வீடியோ, ஒலிக்கோப்பு ஆகியவற்றை அந்த வகையில் சேர்த்துவிட்டன என்பதைக் கவனிக்கலாம்.

பதிப்புரிமைச் சட்டத்திலும் பெற்றோர் அறிய வேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. 1957ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தின்படி, பேசியோ பாடியோ நிகழ்த்துபவருக்குத் தம் நிகழ்த்துகையின்மேல் 50 ஆண்டுகள் நீடிக்கும் உரிமை உண்டு. ஆனால் திரைப்படத்தில் அதைச் சேர்த்துக்கொள்ள எழுத்துமூலம் ஒருமுறை சம்மதித்துவிட்டால், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலொழிய, அந்தப் படத்தில் தயாரிப்பாளர் அந்த உரிமையை அனுபவிப்பதை மறுக்க இயலாது. "எவ்வித ஆட்சேபணையும் இல்லை" என்ற வரியில் காலவரையும் காரியவரையும் இல்லாதபோது, எவ்வளவு பெரிய பாத்தியதை கை மாறுவதாக வாதிக்க இடமிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஏதாவதொரு நிறுவனம் வந்து இந்தப் படத்தின் பிள்ளைகளைக் கொண்டே விளம்பரம் எடுக்க விரும்பினால், பள்ளிக் கடிதம் அதற்குச் செல்லாது. குழந்தைக் கலைஞர்களைப் பணம் ஈட்டும் படங்களில் ஈடுபடுத்த மாவட்ட நிர்வாக நடுவரின் அனுமதி, நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மிகாத வேலை, வருமானத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைக் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போடுதல் முதலிய தனி விதிகள் இருக்கின்றன.

கையொப்பம் யாருடையது என்பது, கிராமத்துப் பள்ளிகளில் அவ்வளவு எளிதாகத் தீரும் கேள்வியல்ல. தந்தை திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். பிள்ளை பாட்டியிடம் வளரும். பாட்டி கைநாட்டு வைப்பார். பெற்றோர் உயிரோடும் தொடர்போடும் இருக்கையில், பாட்டியின் கைநாட்டோடு நிறுத்திவிடாமல், பள்ளிப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, பேசிய நாளையும் பேசியவரையும் படிவத்தில் குறித்துக்கொள்வது நல்லது. கணவனின் கொடுமைக்கு அஞ்சி, ஊர் மாறி வந்து, பிள்ளையை இந்தப் பள்ளியில் சேர்த்திருக்கும் ஒரு தாயையும் நினைத்துக்கொள்ள வேண்டும். பள்ளியின் பெயரும் பிள்ளையின் குரலும் சேர்ந்து வரும் ஒரு சிறு வீடியோ, அவர் மறைத்து வைத்திருக்கும் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அவர் "வேண்டாம்" என்று எழுதினால் காரணம் கேட்கக் கூடாது. காரணம் எழுதும் கோடே படிவத்தில் இருக்கக் கூடாது.

குழந்தைகள் இல்லத்திலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் நிலை இன்னும் கண்டிப்பானது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயரையோ பள்ளியையோ படத்தையோ, அடையாளம் தெரியும்படி எந்த ஊடகத்திலும் வெளியிடுவதை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். குழந்தையின் நலனுக்கு உகந்தது என்று கருதிக் குழந்தைகள் நலக்குழு காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதித்தாலன்றி, இல்லக் காப்பாளரின் கையொப்பம் மட்டும் இதற்குப் போதாது. அந்தப் பிள்ளையைத் தனியாகத் தெரியாதபடி படத்தில் சேர்த்துக்கொள்ளும் விதத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இவற்றையெல்லாம் மனத்தில் வைத்து, நமது கண்மாய்ப் பள்ளியின் தலைமையாசிரியர் எழுதக்கூடிய கடிதம் ஒன்றை இங்கே தருகிறேன். கட்டுரையின் நடை வேறு, கடிதத்தின் நடை வேறு. கடிதம், படித்துக் காட்டினால் உடனே புரியும்படி இருக்க வேண்டும்.

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நம் ஊர்க் கண்மாயைப் பற்றி மூன்று நிமிடக் காகிதப் பொம்மைப் படம் ஒன்று செய்யப் போகிறார்கள். பள்ளி நேரத்தில், வகுப்பறையில் வேலை நடக்கும். செலவு எதுவும் இல்லை. இதற்காகப் பணம் வாங்கவும் மாட்டோம், படத்தை விற்கவும் மாட்டோம்.

கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று குறிப்பிடுங்கள். ஒன்றுக்குச் 'சரி', மற்றொன்றுக்கு 'வேண்டாம்' என்றும் சொல்லலாம்.
என் பிள்ளையின் குரலைப் பொம்மைக்குப் பயன்படுத்தலாம்: சரி / வேண்டாம்.
என் பிள்ளையின் கை மட்டும் படத்தில் தெரியலாம்: சரி / வேண்டாம்.
என் பிள்ளையின் முகம் தெரியலாம்: சரி / வேண்டாம்.
தலைப்பெழுத்தும் வகுப்பும் இல்லாமல் பெயரை மட்டும் போடலாம்: சரி / வேண்டாம்.
படத்தைப் பள்ளி ஆண்டு விழாவில் காட்டலாம்: சரி / வேண்டாம்.
யூடியூபில் போடலாம் (யார் வேண்டுமானாலும் பார்க்க முடியும்): சரி / வேண்டாம்.
மாணவர் போட்டிக்கு அனுப்ப வேண்டி வந்தால் அதன் விவரத்தைச் சொல்லி மறுபடி கேட்போம்.

பதிந்த குரலை உங்கள் பிள்ளை கேட்டு, பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகே படத்தில் சேர்ப்போம். டிசம்பர் 10ஆம் தேதிக்குள் நீங்கள் மனம் மாறினால் குரலோ முகமோ படத்தில் வரவே வராது. அதற்குப் பிறகு சொன்னால், ஏழு நாட்களுக்குள் யூடியூபிலிருந்து படத்தை எடுத்துவிடுவோம். உங்கள் பிள்ளையின் பகுதியை நீக்கிய பிறகே மறுபடி போடுவோம். ஆனால் அதற்குள் பிறர் தங்கள் கைப்பேசியில் இறக்கிக்கொண்டதை எங்களால் அழிக்க முடியாது. படத்தில் சேராத பதிவுகளை ஆண்டு விழா முடிந்து 30 நாட்களில் அழித்துவிடுவோம். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு யூடியூபிலிருந்து படத்தை நீக்கிவிடுவோம்.

'வேண்டாம்' என்று சொன்னாலும் உங்கள் பிள்ளைக்குப் படத்தில் வேலை உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. இந்தத் தாள் திரும்பி வராவிட்டால் 'வேண்டாம்' என்றே எடுத்துக்கொள்வோம். மனம் மாறினால் வகுப்பாசிரியரிடம் வாய்மொழியாகச் சொன்னாலே போதும். இப்படிக்கு, தலைமையாசிரியர்."

இந்தக் கடிதத்தில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது, தாள் திரும்பி வராவிட்டால் மறுப்பு என்று கொள்ளும் வரிதான். "வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கருதப்படும்" என்று எழுதும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிடும் அந்தப் பழக்கம் சட்டப்படியும் நியாயப்படியும் நிற்காது. அடுத்தபடியாக, வாய்மொழியாகச் சொன்னால் போதும் என்ற வரி. சம்மதத்துக்கு ஒரு கையொப்பமும் மறுப்புக்கு ஒரு மனுவும் கேட்கும் பள்ளி, மறுக்கும் உரிமையைக் காகிதத்தில் மட்டும் கொடுத்த பள்ளியாகும்.

கடிதத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புவதோடு வேலை தீர்ந்துவிடாது. பெற்றோர் கூட்டத்திலோ பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ அதை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டி, இதைப்போலச் செய்த படம் ஒன்றையும் திரையில் ஓட்டிக் காட்டினால், குரல் எப்படிக் கேட்கும், பெயர் எப்படித் தெரியும் என்பதை எழுத்தறியாதவரும் கண்ணால் கண்டு முடிவு செய்வார்கள். "நீங்க பாத்துச் செய்யுங்க சார்" என்று அவர்கள் சொல்லக்கூடும். அது பள்ளியின்மேல் வைத்த விசுவாசம்; அதைச் சம்மதமாக எழுதிக்கொள்ளாமல், அவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் குறிப்பதே அந்த விசுவாசத்துக்குச் செய்யும் மரியாதை.

பெற்றோர் சரி என்று எழுதிய பிறகும் பிள்ளையிடம் தனியே கேட்க வேண்டும். தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டென்பதை, இந்தியா 1992ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறுகிறது. ஏழாம் வகுப்புப் பையன்களுக்குக் குரல் உடையும் பருவம். நவம்பரில் பதிந்த குரலைப் பிப்ரவரியில் கேட்கும்போது அது தன்னுடையதா என்றே அவனுக்கு ஐயமுண்டாகும், சபையில் கேட்க வெட்கமும் உண்டாகும். திக்கிப் பேசும் பிள்ளை ஒன்று ஆவலோடு முன்வரும். வகுப்பு சிரித்தால் பின்வாங்கும். ஆசிரியை தனியாக அழைத்து, பதிவைப் போட்டுக் கேட்கச் செய்து, "இது இருக்கட்டுமா, வேற ஒருமுறை பேசுறியா, இல்ல வேண்டாமா?" என்று மூன்று வழியும் திறந்து வைத்துக் கேட்க வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால், தாயும் தந்தையும் நூறு முறை சரி என்று எழுதியிருந்தாலும் வேண்டாம்தான்.

எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாத்திரம் என்று கடிதங்கள் திரும்பி வருவதற்கு முன்பே அறிவித்துவிடுவதுதான், இத்தனைக்கும் பிறகு எஞ்சி நிற்கும் தவறு. கொக்கு நீதான் என்று சொல்லிவிட்ட பிறகு வீட்டிலிருந்து மறுப்பு வந்தால், அந்தச் சிறுமி வகுப்பெல்லாம் பார்க்க வேஷத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த அவமானத்துக்கு அஞ்சியே தாய் மனமில்லாமல் கையொப்பமிடுவதும் உண்டு. ஆகவே முதலில் கடிதங்கள், அவை உறையிலிடப்பட்டு ஆசிரியையிடம் நேரே வர வேண்டும், பிறகே பாத்திரங்கள். குரலும் முகமும் வேண்டாம் என்ற பிள்ளைகளுக்கும், இல்லத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் உரிய வேலைகள் இத்தகைய படத்தில் ஏராளம்: கண்மாயையும் கரை மரங்களையும் வரையலாம், உருவங்களைக் கத்தரிக்கலாம், கைப்பேசியின் பொத்தானை அழுத்திப் படம் எடுக்கலாம், தட்டில் அரிசியைச் சிந்தி மழையின் ஓசையையும், வாளித் தண்ணீரில் கையை அளைந்து தவளை குதிக்கும் ஓசையையும் உண்டாக்கலாம். இந்த வேலைகளைக் குரல் கொடுத்த பிள்ளைகளும் மாறி மாறிச் செய்தால் யார் மறுத்தவர், யார் இசைந்தவர் என்பது வகுப்புக்குத் தெரியவே தெரியாது. கையசைக்கும் கடைசிக் காட்சியையும் 24 காகித உருவங்களாகவே செய்துவிடலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன்னைத் தானே வரைந்த உருவம்.

இந்த ஆண்டு படம் எடுக்கத் திட்டமிட்டிருக்கும் தலைமையாசிரியர்களும் ஆசிரியர்களும், மேலே தந்திருக்கும் கடிதத்தைத் தங்கள் பள்ளிக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டு, ஒலிப்பதிவுக்குக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு முன்பாக வீடுகளுக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய ஒற்றை வாக்கியப் படிவமே வீட்டுக்கு வந்து சேருமாயின், பெற்றோர் கையொப்பமிடுவதற்கு முன் பள்ளிக்குச் சென்று, குரலா, முகமா, பெயரா, எங்கே காட்டுவீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், வேண்டாம் என்றால் எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டு, கிடைத்த விடைகளை அந்தத் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.